சேங்ஷன் லெட்டர் படத்தில் உள்ள தவணை அட்டவணை: கேள்வி பதில்

ஈரோட்டில் கடன் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தேன். அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பினால் சரிபார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். கடன் கணக்கு எண்ணையும் கையெழுத்தையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

சோமனூர், தறிக் கடன்: அக்கா, 5 லட்சம், 12 சதவீதம், 36 மாதம். தவணை 16,607ங்க. ரெண்டாவது மாசம் வட்டி 4,834ன்னு இருக்குது, அசல் 11,723. கூட்டினா 50 ரூபாய் குறையுதுங்க. தப்பாப் போட்டுட்டாங்களா?

அவர்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். காகிதத்தின் மடிப்பு அந்த எண்ணின் மேலேயே விழுந்திருக்கிறது, அதனால் 8 உங்களுக்கு 3 ஆகத் தெரிகிறது. எப்படிச் சொல்கிறேன் என்று பாருங்கள்.

வருடத்துக்கு 12 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். முதல் மாதம் 5 லட்சத்துக்கு வட்டி 5,000. தவணையில் அதைக் கழித்தால் அசலுக்குப் போவது 11,607, பாக்கி 4,88,393. இரண்டாவது மாத வட்டி இந்தப் பாக்கிக்குத்தான், அது 4,884. அதோடு 11,723 சேர்த்தால் 16,607 சரியாக வருகிறது.

இதோடு நிறுத்திவிடாமல் அடுத்த வரியையும் பாருங்கள். 4,88,393இல் 11,723 போனால் 4,76,670. உங்கள் படத்தில் பாக்கிக் கட்டத்தில் அதே எண் இருக்கிறது, மூன்றாவது மாத வட்டியும் அதற்கு ஏற்ற 4,767தான். படத்தில் வந்த தப்பு அந்த ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். கணக்கில் வந்த தப்பு பாக்கியில் ஏறி, கீழே உள்ள எல்லா வரிக்கும் இறங்கும். அதனால் சந்தேகம் வந்தால் முதலில் பாக்கிக் கட்டத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, வித்தியாசம் 50, 300, 6,000 என்று ஒற்றை இலக்கமும் பூஜ்ஜியங்களுமாக வந்தால் பெரும்பாலும் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்திருப்போம். 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், எழுதி எடுக்கும்போது பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறியிருக்கலாம்.

தவணைத் தொகையையே சரிபார்க்க வேண்டுமென்றால் எக்செல்லில் இதைப் போடுங்கள்:

```
=PMT(12%/12,36,-500000)
```

16,607.15 வரும். பைசாவை விட்டுவிடுவதால் கடைசித் தவணை மட்டும் சில ரூபாய் மாறும்.

பல்லடம்: ஏனுங்க, பேங்க்ல வட்டி நாள் கணக்குலதான் போடுவாங்க. நீங்க 12ஆல வகுக்கறது தப்புங்களே?

கணக்கில் வட்டி ஏறுவதைப் பற்றி என்றால் நீங்கள் சொல்வது சரி, பல இடங்களில் அப்படித்தான். ஆனால் லெட்டரோடு வரும் அட்டவணையை அநேகமாக 12ஆல் வகுத்துத்தான் அச்சடிக்கிறார்கள். சோமனூர்க்காரரின் இரண்டாவது வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு என்றால் 30 நாளுக்கு 4,817, 31 நாளுக்கு 4,978. அங்கே இருப்பது 4,884, இரண்டிலும் சேராது.

பல்லடம்: என்ற ஸ்டேட்மென்ட்ல பிப்ரவரியை விட மார்ச்சுக்கு வட்டி அதிகமுங்க. அட்டவணையில குறைஞ்சுட்டே போகுது. எது நெசம்?

நீங்கள் செலுத்தும் கணக்கில் நிற்பது ஸ்டேட்மென்ட்தான். பிப்ரவரிக்கு 28 நாள், மார்ச்சுக்கு 31. பாக்கி குறைந்தாலும் நாள் கூடியதால் வட்டி ஏறியிருக்கிறது. இப்படி மாத நீளத்துக்கு ஏற்றபடி வட்டி ஏறி இறங்கினால் அது நாள் கணக்கு.

திருப்பூர், ஆடிட்டர் ஆபீஸ்: நாங்க வருஷக் கடைசியில வட்டி, அசல் பிரிக்க ஸ்டேட்மென்ட்டைத்தாங்க எடுப்போம். அட்டவணையைப் பார்த்து எழுதிக் கொண்டாந்தா வங்கிச் சான்றோட ஒத்துப்போகாது.

ரொம்பச் சரி. கணக்கு எழுதுவதற்கு ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். கையெழுத்துப் போடும் முன் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அட்டவணை.

பல்லடம்: அப்படீன்னா மூணு வருஷத்துல எனக்கு எவ்வளவு நட்டமுங்க? கடைசித் தவணையில 400 ரூபாய் சேர்த்துக் கேக்கறாங்க.

முழு வருடத்துக்கு நாள் கணக்கும் மாதக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சில மாதம் கூடும், சில மாதம் குறையும். 400 ரூபாய் அதனால் மட்டுமா, தவணை சில நாள் தாமதமாகப் போனதாலா என்று நீங்கள் கட்டிய தேதிகளைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஸ்டேட்மென்ட்டின் முழுப் பக்கங்களும் வேண்டும், கணக்கு எண்ணை மறைத்து.

கோபி: அக்கா, மஞ்சளுக்குப் பயிர்க்கடன் வாங்கினேன். எனக்கு இந்த அட்டவணையே தரலீங்க.

அறுவடைக்குப் பின் ஒரே தடவையாகக் கட்டும் கடனுக்கு மாதத் தவணை அட்டவணை இருக்காது. கெடு தேதியை மட்டும் சங்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காங்கேயம், வண்டிக் கடன்: எனக்கும் 5 லட்சம், 12 சதவீதம், 36 மாசந்தானுங்க. ஆனா எல்லா வரியிலயும் வட்டி 5,000, அசல் 13,889. பாக்கி மட்டும் குறையுது.

இது ஃபிளாட் வட்டி. நீங்கள் கட்டித் தீர்த்த அசலுக்கும் சேர்த்து கடைசி மாதம் வரை வட்டி வாங்குகிறார்கள். தவணை 18,889, மொத்த வட்டி 1,80,000. சோமனூர்க்காரருக்கு மொத்த வட்டி 98,000க்கும் குறைவு. உங்கள் கடனைக் குறையும் வட்டிக்கு மாற்றிப் பார்த்தால் 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரும் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் தவணைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதில் எல்லாச் செலவும் சேர்ந்த வருட விகிதம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, இந்த 12க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெருந்துறை: நானும் அதே தொகைதாங்க. ஜூன் 12 பணம் வந்துச்சு. முதல் தவணை ஆகஸ்ட் 5. ஆனா முன்னாடியே 3,781 பிடிச்சுட்டாங்க, அட்டவணையில அது இல்லீங்க.

அட்டவணை ஜூலை 5இலிருந்து ஓடுகிறது. அதற்கு முந்தைய 23 நாள் வட்டி அது, தொகை சரி. பணம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணியிருக்கிறார்கள். சேங்ஷன் தேதியிலிருந்தோ ஒப்பந்தத் தேதியிலிருந்தோ எண்ணியிருந்தால் எழுதிக் கேளுங்கள், அது கூடாது என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

பவானி: என்ற படத்துல 14,210ஆ, 74,210ஆன்னு தெரியல.

வட்டி கூட்டல் அசல் தவணைக்குச் சமம். சோமனூர் பதிலை முழுக்கப் படியுங்கள்.

அந்தியூர்: எனக்கு 6ஆ 8ஆன்னு…

இதே கேள்விதான் மறுபடியும். பாக்கிக் கட்டம் கீழ் வரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். காகிதத்தை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து மறுபடி ஒரு படம் எடுங்கள். உங்கள் கணக்கு எண் அப்படியே தெரிகிறது, முதலில் அந்தப் படத்தை நீக்குங்கள்.

பல்லடம்: பக்கம் அனுப்பிட்டேனுங்க. மூணு தவணை 9ந்தேதி போயிருக்குது.

பார்த்தேன். 5ந்தேதி போக வேண்டியது 9ந்தேதி போனால் 4 நாள் வட்டி கூடும். ஆனால் 16,607 ரூபாய் தவணை என்றால்கூட மூன்று தடவைக்கும் சேர்த்து அது 70 ரூபாய்கூடத் தேறாது. மீதி என்ன பெயரில் ஏறியிருக்கிறது என்று கிளையில் கேட்டு எழுதுங்கள், அபராதம் என்றால் தனி வரியாக இருக்க வேண்டும்.