சாய்வு தப்பு, மீதி சரி: எத்தனை மதிப்பெண்?

"கொழிஞ்சாம்பாறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கேரளப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களும் கோபாலபுரம் தாண்டி தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் போகிறவர்களும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். சாய்வு, நடுப்புள்ளி, கோட்டின் சமன்பாடு மூன்றும் வரும் 5 மதிப்பெண் கணக்கில் எப்போதும் தடுமாறுகிறேன். சாய்வைத் தப்பாகப் போட்டுவிட்டு மற்றதைச் சரியாகச் செய்தவனுக்கு எவ்வளவு தருவது? விடை மட்டும் சரியாக இருந்தால் முழுசாகத் தரலாமா? சமன்பாட்டை வேறு மாதிரி எழுதியிருந்தால்?"

முதலில் அந்த 5 மதிப்பெண்ணும் எந்தெந்த வேலைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதைத் தாள்களைத் திறப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒருவன் தாளைப் பார்த்த பிறகு பிரித்தால், அவன் எழுதியதற்கு ஏற்ப நம் கை வளைந்துவிடும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். A(1, 6), B(5, −2) ஆகிய புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டின் மையக்குத்துக்கோட்டின் சமன்பாடு வேண்டும். AB-யின் சாய்வு (−2 − 6)/(5 − 1) = −2. நடுப்புள்ளி (3, 2). செங்குத்துக் கோட்டின் சாய்வு 1/2. அப்புறம் y − 2 = 1/2 (x − 3). சுருக்கினால் x − 2y + 1 = 0. சாய்வு, நடுப்புள்ளி, செங்குத்துச் சாய்வு, சமன்பாட்டில் பிரதியிடுவது, சுருக்கி முடிப்பது என ஐந்து வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 1.

இப்போது ஒரு பையன் (−2 − 6)/(5 − 1) என்று சரியாக எழுதிவிட்டு, மேலே −4 என்று போட்டுவிடுகிறான். சாய்வு −1 ஆகிவிட்டது. செங்குத்துச் சாய்வு 1 என்று எடுத்து, y − 2 = x − 3 என்று எழுதி, x − y − 1 = 0 என்று முடிக்கிறான். நடுப்புள்ளியைத் தவிர விடைக்குறிப்போடு எதுவுமே பொருந்தாது. ஆனால் அவன் சறுக்கியது ஒரே இடத்தில்தான். −1-க்குச் செங்குத்தான சாய்வு 1 என்பது சரி, நடுப்புள்ளி சரி, பிரதியிட்டது சரி, சுருக்கியதும் சரி. சாய்வுக்கான 1 போக மீதி 4 தர வேண்டும். அதே தவறுக்காகக் கீழே ஒவ்வொரு வரியிலும் வெட்டிக்கொண்டே போனால், ஒரு கழித்தல் பிழைக்கு நான்கு தண்டனை கொடுத்ததாகிவிடும்.

இப்படிப் பின்தொடர்ந்து திருத்த ஒவ்வொரு தாளுக்கும் கணக்கை மறுபடி போட வேண்டியதில்லை. அவன் முடித்த சமன்பாட்டில் அவன் கண்டுபிடித்த நடுப்புள்ளியைப் போட்டுப் பாருங்கள்: 3 − 2 − 1 = 0. சரி. அடுத்து, ax + by + c = 0 என்ற கோட்டின் சாய்வு −a/b. இங்கே அது 1. அவன் பயன்படுத்திய சாய்வும் 1. இரண்டும் பொருந்தினால், அவனுடைய எண்களிலிருந்து அவன் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறான்.

பின்தொடர்வதற்கு ஓர் எல்லை உண்டு. வேறொரு பையன் சாய்வு −2, நடுப்புள்ளி (3, 2) என்று சரியாகக் கண்டுபிடிக்கிறான். செங்குத்து என்பதையே விட்டுவிட்டு y − 2 = −2(x − 3) என்று எழுதி, 2x + y − 8 = 0 என்று முடிக்கிறான். A-யைப் போட்டால் 2 + 6 − 8 = 0. B-யைப் போட்டால் 10 − 2 − 8 = 0. அவன் கண்டுபிடித்தது AB என்ற கோட்டையே. அதற்கு நடுப்புள்ளிகூடத் தேவையில்லை. இவனுக்கு நான் 2 தருவேன், அதற்கு மேல் இல்லை. ஒரு படியைத் தப்பாகச் செய்தால் பின்தொடரலாம். படியையே தாண்டிப் போனால் அவன் போட்டது வேறு கணக்கு.

விடை மட்டும் சரியாக இருந்தால் முழுசாகத் தரலாமா என்ற கேள்விதான் இதில் முக்கியமானது, ஏனென்றால் இந்தக் கணக்கில் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று தின்றுவிட முடியும். சாய்வின் சூத்திரத்தைத் தலைகீழாக வைத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். x வித்தியாசத்தை மேலே போட்டு 4/(−8) = −1/2 என்று எழுதுவார்கள். அதே பிள்ளை, செங்குத்து என்றால் குறியை மாற்றினால் போதும் என்றும் நினைத்திருந்தால் 1/2 என்று எழுதும். சரியான செங்குத்துச் சாய்வு அதுதானே! அதன் பிறகு எல்லாம் சரியாக வந்து x − 2y + 1 = 0 என்று முடியும். கடைசி வரியை மட்டும் பார்த்தால் 5. உண்மையில் சாய்வும் தெரியவில்லை, செங்குத்தும் தெரியவில்லை. நடுப்புள்ளி, பிரதியிடல், சுருக்கல் மூன்றுக்கு 3 தான்.

அதே தலைகீழ்ச் சூத்திரத்தில் −1/2 எடுத்த இன்னொருத்தி, தலைகீழியும் எடுத்துக் குறியையும் மாற்றி 2 என்று எழுதினால் அவள் விடை 2x − y − 4 = 0. தப்பான விடை, ஆனால் 4 மதிப்பெண். சரியான விடைக்கு 3, தப்பான விடைக்கு 4 என்றால் பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோரும் கேட்பார்கள். தாளில் அந்த −1/2-ஐ வட்டமிட்டு, பக்கத்தில் y வித்தியாசம் மேலே என்று எழுதிக் கொடுங்கள். அதோடு சரியான விடைக்கு 3 வாங்கிய பிள்ளைக்கு P(0, 0), Q(3, 1) என்று இன்னொரு கணக்கு கொடுத்து PQ-வின் சாய்வை மட்டும் கேளுங்கள். 3 என்று சொன்னால் உங்கள் சந்தேகம் உறுதி.

ஒன்றைக் கவனியுங்கள்: (6 − (−2))/(1 − 5) என்று வரிசையை மாற்றி எழுதியது தவறு அல்ல. மேலேயும் கீழேயும் ஒரே வரிசையில் மாற்றினால் −2 தான் வரும். மேலே மட்டும் மாற்றினால்தான் குறி புரளும்.

சமன்பாட்டின் வடிவத்துக்கு வருவோம். y = x/2 + 1/2, 2y = x + 1, −x + 2y − 1 = 0, y = 0.5x + 0.5 எல்லாம் ஒரே கோடு. சந்தேகம் வந்தால் அந்தக் கோட்டில் எளிதான இரண்டு புள்ளிகளை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே (3, 2), (−1, 0). இரண்டும் பொருந்தினால் அது அதே கோடு, முழு மதிப்பெண். வினாவில் ax + by + c = 0 வடிவில் தருக என்று கேட்டிருந்தால் மட்டும் கடைசி 1-ஐப் பிடிக்கலாம். கேட்காத வடிவத்துக்காகப் பிடிப்பது நியாயமில்லை. உங்கள் வகுப்பில் சூத்திரத்தின் பெயரே எழுதாமல் (y − 2)/(x − 3) = 1/2 என்று நேராக விகிதத்தில் தொடங்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். பிரதியிடலுக்கான 1 அந்த வரியிலேயே கிடைத்துவிடுகிறது.

சாய்வும் நடுப்புள்ளியும் எங்கேயும் இல்லாத தாள்கூட வரலாம். (x, y) என்ற புள்ளி A-யிலிருந்தும் B-யிலிருந்தும் சம தூரம் என்று வைத்து, (x − 1)² + (y − 6)² = (x − 5)² + (y + 2)² என்று எழுதினால், வர்க்கங்கள் அடிபட்டு 8x − 16y + 8 = 0 என்று வரும். அதுவும் x − 2y + 1 = 0 தான். வினா சாய்வைத் தனியாகக் கேட்காதபோது, இந்தத் தாளுக்கு 5-ம் உண்டு.