கலைச்சொல் பட்டியலைத் திருத்துவது யார் வேலை?

கேள்வி: மொழியியலில் என் ஆய்வேட்டை, பணம் கொடுத்து ஒரு மெய்ப்புத் திருத்துநரிடம் ஒப்படைத்தேன். பின்னிணைப்பில் 80 கலைச்சொற்களும் முன்பக்கங்களில் 30 சுருக்கக் குறியீடுகளும் உள்ளன. திரும்பி வந்த பிரதியைப் பார்த்த நெறியாளர், பட்டியல் அகர வரிசையில் இல்லை என்கிறார். பட்டியலில் "உருபன்: இலக்கணப் பொருள் தரும் மிகச் சிறிய கூறு" என்று இருக்க, மூன்றாம் இயலில் "பொருள் தரும் மிகச் சிறிய மொழிக்கூறு" என்று இருப்பதையும் சுட்டிக்காட்டினார். திருத்துநரைக் கேட்டால், "பட்டியலில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லையே, ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் கட்டணம்" என்கிறார். இது நியாயமா?

பதில்: பாதி நியாயம். அவர் இரண்டு குறைகளையும் ஒரே பதிலால் மூடப் பார்க்கிறார். அவை இரண்டும் வேறு வேறு வேலைகள்.

வரிசை தவறியிருப்பது அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தாலே தெரிந்துவிடும் குறை. ஆய்வேட்டின் வேறெந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை. பக்க எண் தவறியிருந்தால் திருத்துவதுபோல இதையும் மெய்ப்புத் திருத்துநர்தான் திருத்த வேண்டும். பட்டியல் அவருக்கு அனுப்பிய கோப்பில் இருந்தது, அதைத் தவிர்த்துவிடும்படி நீங்களும் சொல்லவில்லை என்றால், கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்து தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

பட்டியலில் உள்ள விளக்கத்தை இயல்களில் உள்ளதோடு ஒப்பிடுவது அப்படியல்ல. ஒரு சொல்லைப் பட்டியலில் படித்து, அது ஆய்வேட்டில் எங்கெல்லாம் வருகிறது என்று தேடி, முதன்முதலில் வரையறுத்த இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 80 சொற்களுக்கும் இதைச் செய்வது மெய்ப்புப் பார்ப்பதைவிட நேரம் பிடிக்கும். நீங்கள் ஒப்புக்கொண்ட தாளில் "மெய்ப்புத் திருத்தம்" என்று மட்டும் இருந்தால், இதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில் தவறில்லை. "முழுமையான சரிபார்ப்பு" என்றோ "சீர்மை பார்த்தல்" என்றோ ஒரு வரி அதில் இருந்தால் கதையே வேறு. அந்த வரியை அப்படியே எடுத்தெழுதி, எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

வரிசையைச் சரிசெய்து அனுப்பினால் அதை எப்படிச் சோதிப்பது? பெரும்பாலும் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி வரிசைப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே தோன்றும், ஆனால் உள்ளே வரிசை பிறழ்ந்திருக்கலாம். காரணம் எளியது. தமிழ் எழுத்துகளுக்குக் கணினியில் கொடுக்கப்பட்டுள்ள ஒருங்குறி எண்களின் வரிசையும் நம் நெடுங்கணக்கின் வரிசையும் ஒன்றல்ல. நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிகிறது. ஒருங்குறியில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்பும் நிற்கின்றன. தமிழ்ச் சொற்கள் ழ, ள, ற, ன என்ற எழுத்துகளில் தொடங்குவதில்லை. அதனால் சொல்லின் முதலெழுத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்தால் பிழை கண்ணில் படவே படாது. அது இரண்டாம், மூன்றாம் எழுத்துகளில் ஒளிந்திருக்கும்.

உங்கள் துறைச் சொற்களையே எடுத்துக்கொள்வோம். சரியான வரிசை: அசை, அடிச்சொல், அண்ணம், அயல்மொழி, அரையுயிர், அளபெடை, அன்மொழித்தொகை. எண் வரிசைப்படி அடுக்கினால் அண்ணத்துக்கு அடுத்து அன்மொழித்தொகை வந்து நிற்கும். அதன் பிறகுதான் அயல்மொழி, அரையுயிர், அளபெடை. ஆகவே உங்கள் பட்டியலில் இப்படி ஒரு சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள். அன்மொழித்தொகை அகரத்தின் கடைசியில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா? நடுவில் இருந்தால் கையால் யாரும் சரிபார்க்கவில்லை என்று பொருள். ஜ-வில் தொடங்கும் சொல் இருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். எண் வரிசையில் அது ச-வுக்குப் பின்னால் வந்துவிடும்; கிரந்த எழுத்துகளைக் கடைசியில் வைப்பதே நம் வழக்கம். எல்லா மென்பொருளும் இந்தத் தவறைச் செய்யும் என்று நான் சொல்லவில்லை, தமிழுக்குரிய வரிசையை அறிந்தவையும் உண்டு. எதைப் பயன்படுத்தினார் என்று விசாரிப்பதைவிட, வந்த பட்டியலைச் சோதிப்பதே சுலபம்.

இன்னும் இரண்டு இடங்களில் விதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். புள்ளி வைத்த எழுத்து முன்னால் வருமா, பின்னால் வருமா என்பது ஒன்று: மாற்றொலி முதலில் வர வேண்டுமா, மாறிலி முதலில் வர வேண்டுமா? சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கணக்கில் எடுப்பதா என்பது மற்றொன்று. எடுத்தால் "ஒலி வகை" முதலில் வரும், "ஒலியன்" அடுத்து வரும். எடுக்காவிட்டால் மாறிவிடும். உங்கள் துறையில் வழங்கும் அகராதி ஒன்றை மாதிரியாகச் சொல்லிவிட்டால் போதும். நீங்கள் சொல்லாத விதியை அவர் பின்பற்றவில்லை என்று குறை கூற முடியாது.

இப்போது உருபனுக்கு வருகிறேன். உங்கள் நெறியாளர் அதைச் சுட்டிக்காட்டியது பெரிய உதவி, ஏனென்றால் அது வெறும் சொல் வேறுபாடு அன்று. "மரங்களை" என்ற சொல்லை எடுங்கள். மரம், கள், ஐ என மூன்றாகப் பிரியும். மூன்றாம் இயலின் வரையறைப்படி மூன்றும் உருபன்கள். பட்டியலின் வரையறைப்படி, பன்மையைக் காட்டும் கள், வேற்றுமையைக் காட்டும் ஐ ஆகிய இரண்டு மட்டுமே உருபன்கள். மரம் இலக்கணப் பொருள் தருவதில்லை என்பதால் வெளியே போய்விடுகிறது. உங்கள் ஆய்வில் உருபன்களை எண்ணி அட்டவணை போட்டிருந்தால், அந்த எண்கள் எந்த வரையறைப்படி வந்தவை என்று வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும். வேற்றுமை உருபைப் பேசும் இடங்களில் "உருபு" என்றும் "உருபன்" என்றும் மாறி மாறி எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பட்டியலின் வரையறை குறுகிப்போனதற்கு அந்தக் குழப்பமே காரணமாக இருக்கலாம்.

இந்த இடத்தில் உங்கள் திருத்துநர் தானாக ஒரு வரையறையை அழித்து இன்னொன்றை எழுதியிருந்தால், அதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். எது சரி என்பது உங்கள் ஆய்வின் முடிவு. வெளியாள் உள்ளடக்கத்தை மாற்றுவதை அனுமதிக்காத பல்கலைக்கழகங்கள் உண்டு. மெய்ப்புத் திருத்த உதவி பெற்றதைக் குறிப்பிடச் சொல்பவையும் உண்டு. ஆகவே தனிக் கட்டணம் கொடுத்து இந்த வேலையைத் தருவதாக இருந்தால், நீங்கள் வாங்க வேண்டியது திருத்திய பட்டியலை அல்ல, ஐயக் குறிப்புகளை. "உருபன்: பட்டியலில் இப்படி, இயல் 3, இந்தப் பக்கத்தில் இப்படி, எது வேண்டும்?" என்று பக்க எண்ணோடு ஒவ்வொரு முரணையும் எழுதித் தர வேண்டும். வரிசையை அவர் மாற்றலாம், எழுத்துப் பிழையை மாற்றலாம், விளக்கத்தில் கை வைக்கக் கூடாது. இதைப் பணம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒப்பீடு இரு திசையிலும் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியலிலிருந்து இயலுக்குப் போய்ப் பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால், நான்காம் இயலில் தடித்த எழுத்தில் வரையறுத்துவிட்டுப் பட்டியலில் சேர்க்க மறந்த சொல் ஒருபோதும் அகப்படாது. இயல்களைப் படித்துக்கொண்டே பட்டியலுக்குத் திரும்பினால்தான் அது தெரியும்.

சுருக்கக் குறியீடுகளில் எனக்கு அதிகம் கிடைக்கும் பிழை, ஒரே சுருக்கம் இரண்டு பொருளில் வருவது. "ப.ஆ." என்பதற்குப் பட்டியலில் பதிப்பாசிரியர் என்று இருக்கும். ஐந்தாம் இயலின் அடிக்குறிப்பு ஒன்றில் அதே "ப.ஆ." பதிப்பு ஆண்டு என்ற பொருளில் நிற்கும். வேறு வேறு காலத்தில் எழுதிய இயல்கள் ஒன்றுசேரும்போது இப்படி ஆகிவிடுகிறது. இதை நீங்களே பார்த்துவிடலாம். Ctrl+F அழுத்தி "ப.ஆ." என்று தேடி, ஒவ்வோர் இடத்திலும் முழு வடிவத்தை வாயால் சொல்லிப் படியுங்கள். "ப." போன்ற ஓரெழுத்துச் சுருக்கத்துக்கு முன்னே ஓர் இடைவெளி விட்டுத் தேடுங்கள், இல்லையென்றால் "என்ப" என்று முடியும் வாக்கியங்களும் சேர்ந்து வரும். அடைப்புக்குறியை ஒட்டி வரும் "(ப." இதில் விடுபடும் என்பதால் அதை இன்னொரு முறை தேட வேண்டும். அடிக்குறிப்புகளையும் உங்கள் மென்பொருள் தேடுகிறதா என்று, அங்கே இருப்பதாக உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லைக் கொடுத்து முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆய்வேடு முழுவதிலும் ஒரே ஒரு முறை வரும் சுருக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முழுச் சொல்லையே எழுதிவிடுவது நல்லது.

30 சுருக்கங்களை ஒரு மாலையில் நீங்களே முடித்துவிடலாம். அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். 80 கலைச்சொற்களுக்கு உதவி வாங்கலாம், ஆனால் முழு வேலையையும் கொடுக்கும் முன் பத்துச் சொற்களை மட்டும் கொடுத்துப் பாருங்கள். உருபன் அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கட்டும், முரண் இருப்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். உங்கள் இப்போதைய திருத்துநருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதால், அவரிடமே கொடுப்பதானால் நீங்கள் அறிந்த வேறொரு முரணை வையுங்கள். அது பக்க எண்ணோடு குறிப்பாகத் திரும்பி வந்தால் மீதியைக் கொடுக்கலாம். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று வந்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

எப்போது கொடுப்பது என்பதிலும் கவனம் தேவை. நெறியாளர் சொன்ன திருத்தங்கள் எல்லாம் இயல்களில் ஏறிய பிறகு, அச்சுக்கு அனுப்புவதற்கு முன் கொடுங்கள். அதற்குப் பிறகு ஓர் இயலில் ஒரு வரையறையைத் தொட்டாலும், பட்டியலில் அந்த ஒரு சொல்லை மட்டும் நீங்களே திரும்பப் பார்த்துவிடுங்கள்.