இசட்இசட் செடியின் கிழங்கு அழுகியதா என்று பார்ப்பது எப்படி?

"தண்டுகள் மஞ்சளாகிக் கொழகொழவென்று இருக்கின்றன, கிழங்குகளும் வீங்கியிருக்கின்றன. எதையெல்லாம் வெட்ட வேண்டும்?"

கத்தியை எடுக்குமுன் செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, மண்ணை உதிர்த்துக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கிழங்கு என்பது மண்ணுக்கடியில் வளரும் தடித்த தண்டு; செடியின் தண்ணீர்ச் சேமிப்பு அதில்தான். மண் நாள்கணக்கில் ஈரமாகவே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் செத்து, அழுகல் கிழங்குக்கும் தண்டின் அடிக்கும் ஏறும்.

உருளைக்கிழங்கைத் தேர்ந்தெடுப்பது போலத்தான் இதுவும்: கெட்டியாக இருந்தால் நல்லது, விரல் அமுங்கி, பழுப்பு நீர் கசிந்து நாறினால் அழுகல். பாதி மட்டும் அழுகியிருந்தால், வெட்டிய இடம் வெளிறிய நிறத்தில் சுத்தமாகத் தெரியும்வரை சீவுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். சாறு தோலை அரிக்கும், கையுறை தேவை. அடி கொழகொழத்த தண்டுகளை முழுதாக நீக்குங்கள், கெட்டியானவற்றைத் தொடாதீர்கள். வெட்டுக்காயம் 2 நாள் நிழலில் உலர்ந்ததும், நீர் வடியும் புதிய மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள்.

வீங்கிய கிழங்கு நோய் என்று பலர் நினைக்கிறார்கள். கெட்டியாக இருக்கும்வரை அது தண்ணீர் நிறைந்த ஆரோக்கியமான கிழங்குதான்.