வாழையிலை மீனில் தண்ணீர் விடுவது ஏன்?

"மசாலா அரைத்து மீனில் தடவி, வாழையிலையில் மடித்து வேக வைக்கிறேன். பிரித்தால் தண்ணீர் தேங்கி, மசாலா கழன்று நிற்கிறது. மடிக்கும்போதே இலையும் கிழிகிறது. எங்கே தவறு?"

தவறு பெரும்பாலும் பச்சை மசாலாவில் இருக்கிறது. நானும் முதல் முறை சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் பச்சையாக அரைத்துத்தான் தடவினேன். பிரித்தபோது ரசத்தில் மிதக்கும் மீனைப் போல இருந்தது. வெங்காயத்தின் பச்சை வாடையும் போகவில்லை. இலைக்குள் அடைபட்ட ஆவி வெளியேற வழியில்லை. அதனால் அரைப்பில் உள்ள ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

ஆகவே மசாலாவை முதலில் அடுப்பில் சுருள வதக்கிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ வவ்வால் மீனுக்கு நான் எடுப்பது பதினைந்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு தக்காளி. இவற்றைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள், மிளகு, உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைக்கிறேன். கெட்டிப் புளிக்கரைசல் ஒரு கரண்டி ஊற்றி, மறுபடியும் வாணலியில் எண்ணெய் பிரியும் வரை கிளறுகிறேன். கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். சூடு ஆறிய பிறகே மீனில் தடவ வேண்டும்.

மீனுக்கும் ஒரு வேலை உண்டு. இருபுறமும் கீறி, உப்பும் மஞ்சளும் தடவிக் கால் மணி நேரம் வைத்தால் அது நீர் விடும். அந்த நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பலர் அதோடு சேர்த்தே மசாலாவைப் பூசிவிடுகிறார்கள்.

இலை கிழிவதற்குக் காரணம், அதை வாட்டாததுதான். நடுநரம்பைச் சீவிவிட்டு, இலையைத் தணலுக்கு மேலே மெதுவாக நகர்த்துங்கள். மங்கலான பச்சை சட்டென்று கரும்பச்சையாகிப் பளபளக்கும். அந்த இடம் வாடிவிட்டது, நகர்த்தலாம் என்று பொருள். அதற்கு மேல் நின்றால் கருகி நொறுங்கும். கிழிசல் இருந்தால் இரண்டாவது இலையை அடியில் வையுங்கள். மசாலாவில் பாதியை இலையில் பரப்பி, மீனை வைத்து, மீதியை மேலே போட்டு மடியுங்கள். நனைத்த வாழைநாரால் கட்டினால் போதும்.

கனமான தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு, மடிப்பு கீழே இருக்கும்படி பொட்டலத்தை வைத்து மூடுங்கள். சிறு தீயில் பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். இலை பழுப்பாகி, ஓரங்கள் கருகி மணம் வர வேண்டும். ஐயம் இருந்தால் பொட்டலத்தைச் சற்றுத் திறந்து, முதுகெலும்பை ஒட்டிய சதையை முள்கரண்டியால் தள்ளிப் பாருங்கள். கண்ணாடி போல இல்லாமல் வெள்ளையாகி, முள்ளை விட்டு விலகினால் வெந்துவிட்டது.

இட்லிப் பானையில் அவிப்பதானால் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். ஆனால் சுருள வதக்கிய சிவப்பு மசாலா அதில் மந்தமாகிவிடுகிறது. இலை சுடும் மணமும் கிடைக்காது. அவிப்பதற்குத் தேங்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்துக் கெட்டியாக அரைத்த துவையல்தான் என் கணக்கில் பொருத்தம். அதை வதக்கக்கூடத் தேவையில்லை.