பிரியாணி மாறி வந்தால் என்ன செய்கிறார் என்று பாருங்கள்

கேள்வி: வீட்ல கல்யாணம் பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி மாப்பிள்ளையை ரெண்டு மூணு தடவை வெளியில பார்த்துப் பேசிக்கோங்கன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு பேர் வீடும் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம்தான். சர்வர், ஆட்டோக்காரர், கடை ஊழியர்கிட்ட அவர் பழகுறத வெச்சு குணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? எதைப் பார்க்கணும்?

பதில்:

ஓரளவுக்கு முடியும். ஆனால் பலரும் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். சர்வரைப் பார்த்துச் சிரிப்பதையும் 'தேங்க்ஸ்ணா' சொல்வதையும் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். எதிரில் நீங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். இரண்டு மணி நேரத்துக்கு நல்ல பிள்ளையாக இருப்பது பெரிய வேலை இல்லை.

முதலில் பேச்சு வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் பக்கத்தில் தவறாகக் கணக்குப் போடுவது இங்கேதான். "இன்னாண்ணா, ரெண்டு மட்டன் குடு, சூடா குடு" என்று ஒருவர் சொன்னால் தி.நகர்க்காரருக்கு மரியாதைக்குறைவாகத் தெரியலாம். நமக்குத் தெரியும், அது உரிமைப் பேச்சு. அண்ணா என்று கூப்பிட்டுவிட்டு 'குடு' என்றால் அதில் கேவலப்படுத்துவது எதுவும் இல்லை. சர்வரும் "தோ வருதுப்பா" என்று அதே சுருதியில் பதில் சொல்வார். மறுபக்கம், "ஏங்க, இதையெல்லாம் பார்த்துக் கொண்டு வர மாட்டீங்களா?" என்று முழு 'ங்க' போட்டே ஒரு ஆளைக் கூனிக்குறுக வைக்கவும் முடியும். அதனால் நீ, நீங்க என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது, ஒரே கடைக்குள் அவர் குரல் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி, ஆர்டர் எடுக்கும் சர்வர், மேஜை துடைக்கும் பையன் என்று மூன்று பேர் இருப்பார்கள். இன்றைக்குச் சென்னை ஓட்டல்களில் மேஜை துடைப்பவர் பெரும்பாலும் பீகார், ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து வந்தவர். தமிழ் அரைகுறையாகத்தான் வரும். தண்ணீர் கேட்டால் டீ என்று புரிந்துகொள்வார். அந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கையால் டம்ளரைக் காட்டி "தண்ணி, பானி" என்று சொல்லி முடித்துக்கொள்கிறாரா? அல்லது புரியாதவருக்குச் சத்தம் போட்டால் புரியும் என்பதுபோல் குரலை ஏற்றுகிறாரா, 'ஏ பையா' என்று உங்கள் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாரா? முதலாளியிடம் கேலி செய்தால் பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். திருப்பிப் பேச மொழியே இல்லாத ஆளிடம் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பது அதனால்தான் கூடுதலாகச் சொல்கிறது. அந்தக் கேலியில் உங்களையும் கூட்டுச் சேர்க்கப் பார்த்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஏதாவது தப்பு நடக்கும் நேரம். ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு பிரியாணிக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு மட்டன் பிரியாணி, நடுவில் ஒரு சிக்கன் 65 சொல்கிறீர்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து வருகிறது, இரண்டுமே சிக்கன் பிரியாணி. நெரிசல் நேரத்தில் இப்படி நடப்பது சகஜம். சர்வர் வாயால் சொல்வதைக் கேட்டுத்தான் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் தட்டில் போடுகிறார். பார்சல் கூட்டம் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும். மட்டன் தீர்ந்தும் போயிருக்கலாம். தப்பு யாருடையது என்று அந்த மேஜையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கையில் தட்டோடு நிற்பவர் சர்வர், அவ்வளவுதான்.

இப்போது அவர் என்ன செய்கிறார்? "அண்ணா, மட்டன் சொன்னோம், மாத்திக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு உங்களோடு விட்ட பேச்சைத் தொடர்ந்தால் அங்கே பார்க்க வேறொன்றும் இல்லை. "சொன்னது காதுல விழலையா?" என்று ஆரம்பித்தால் அது கோபம். கோபம் யாருக்கும் வரும். பசி நேரத்தில் இன்னும் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது அது எப்போது முடிகிறது என்பது. சர்வர் மன்னிப்புக் கேட்டு, தட்டு மாறி வந்த பிறகும் கல்லாவில் போய்ப் புகார் சொல்கிறார், பில் வரும்போது மறுபடி அந்தப் பேச்சை எடுக்கிறார், வெளியே வந்து செல்போனில் ஒரு ஸ்டார் போடுகிறார் என்றால், குறை சரியானது அவருக்குப் போதவில்லை. எதிராளி தாழ்ந்து போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினாலும் இதே நீளத்துக்குப் போகிறாரா என்பதை மட்டும் வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றுமே சொல்லாமல் சிக்கனைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த அரை மணி நேரம் உங்களிடம் முணுமுணுப்பவரும் உண்டு. இவரைப் பொறுமைசாலி என்று நினைத்துவிடுவார்கள். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் சம்பந்தமில்லாத ஆளிடம் கொட்டும் பழக்கம் இது. கேட்கும் காது நாளைக்கு உங்களுடையதாக இருக்கும். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டிய வாக்கியம் வேறு: "நீதானே இந்தக் கடைக்குப் போலாம்னு சொன்ன?" சர்வரிடம் தங்கமாக நடந்துகொண்டு, தப்பை உங்கள் தலையில் வைக்கும் ஆள் இவர். சர்வரையே பார்த்துக்கொண்டிருந்தால் இவரைத் தவறவிடுவீர்கள்.

ஆட்டோவுக்கு வருவோம். பேரம் பேசுவதைக் கஞ்சத்தனம் என்றோ, பேரம் பேசாமல் ஏறுவதைத் தாராளம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். 2013-ல் அரசு வைத்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை 5 கிலோமீட்டர் என்று வைத்தால் 63 ரூபாய் சொச்சம் வரும். தெருவில் 150 கேட்பார்கள். எரிபொருள் விலை 2013-ல் நிற்கவில்லை என்பதால் 63-க்கு யாரும் வர மாட்டார்கள். 150 என்பதும் கேட்டுப் பார்க்கும் விலை. இடையில் 100, 120 என்று பேசி முடிப்பது ஊர் நடைமுறை. "வேணாம்ணா, வேற பார்த்துக்கறோம்" என்று நகர்வது நாகரிகமான பேரம்தான்.

பேரம் முடிந்த பிறகு நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 120 என்று ஒத்துக்கொண்டு ஏறிவிட்டு, இறங்கும்போது 100-ஐ நீட்டி "அவ்ளோதான், போ" என்று நடந்துவிடுகிறாரா? பக்கத்தில் நீங்கள் இருப்பதால் ஓட்டுநர் சண்டைக்கு வரத் தயங்குவார் என்று அவருக்குத் தெரியும். இருபது ரூபாய் சின்னத் தொகை. ஆனால் பேசிய பேச்சை, எதிராளிக்கு வழியில்லாத நேரம் பார்த்து மாற்றுகிறார். அதேபோல துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று ராயபுரம் பக்கம் வண்டி நகராமல் போகும். அது ஓட்டுநர் கையில் இல்லை என்பது இந்த ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். தெரிந்தும் அவரைத் திட்டினால், திட்ட ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று அர்த்தம். நேர்மாறாக, ஓட்டுநர் உண்மையிலேயே வம்பு பண்ணி, "மேல போட்டுக் குடு" என்று பாதி வழியில் நிறுத்தினால், அங்கே குரல் உயர்த்துவதைக் குறையாக எழுதாதீர்கள். எல்லோரிடமும் வளைந்து போகிறவர் நல்லவர் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

எம்.சி. ரோடு துணிக்கடைக்கு ஒரு முறை போக முடிந்தால் போய்விடுங்கள். ஓட்டலில் தெரியாதது அங்கே தெரியும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. அதுவரை நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தார்கள், பல இடங்களில் இன்றும் நிற்கிறார்கள். நீங்கள் பதினைந்து புடவை பிரித்துப் பார்த்து ஒன்றும் எடுக்காமல் எழுந்தால், அந்தப் பதினைந்தையும் அந்தப் பெண்தான் மடித்து அடுக்க வேண்டும். எடுக்காமல் வருவது தப்பே இல்லை. பிடிக்காததை நடுவிலேயே "இந்த டிசைன் போதும்மா, இனிமே பிரிக்காதீங்க" என்று சொல்கிறாரா, இல்லை பிரிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டே செல்போனில் இருக்கிறாரா என்பதைப் பாருங்கள். அடுத்த ஆளின் உழைப்பு கண்ணில் படுகிறதா என்பதற்கு இதைவிடச் சுலபமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறிவிட்டு, சர்வருக்கு ஐம்பது ரூபாய் டிப்ஸும் வைத்துவிட்டு, நீங்கள் எங்கே போகிறீர்கள், யாரோடு பேசுகிறீர்கள் என்று கணக்குக் கேட்கும் ஆட்களும் இருக்கிறார்கள். வெளியாளிடம் காட்டும் இரக்கமும் வீட்டாளுக்குக் கொடுக்கும் சுதந்திரமும் வெவ்வேறு. ஊழியரிடம் மோசமாக நடப்பது தெளிவான எச்சரிக்கை. நன்றாக நடப்பது அந்த அளவுக்கு உத்தரவாதம் கிடையாது. ஒரே ஒரு சம்பவத்தை வைத்தும் முடிவு கட்டாதீர்கள், அன்றைக்கு அவருக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம். ஓட்டல், பயணம், கடை என்று மூன்று இடத்திலும் ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். வேண்டுமென்றே சர்வரிடம் சொல்லி வைத்துச் சோதிப்பது போன்ற வேலை மட்டும் வேண்டாம். தெரிந்தால் நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே, தனியாக, சாதாரணமாகக் கேளுங்கள்: "ஏன் அவர்கிட்ட அப்படிப் பேசினீங்க?" "ஆமா, பசில கொஞ்சம் ஓவரா பேசிட்டேன்" என்று வந்தால் சம்பவத்தின் எடை பாதியாகக் குறைகிறது. "அவனுங்ககிட்ட அப்படித்தான் பேசணும், உனக்குத் தெரியாது" என்று வந்தால், அந்தப் பதிலில் சர்வரைப் பற்றிப் பாதியும் உங்களைப் பற்றிப் பாதியும் இருக்கிறது. அதற்கும் பிறகு குழப்பமாகவே இருந்தால், அடுத்த முறை அவர் அக்காவையோ தங்கையையோ சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். அக்காவிடம் பையைக் கொடுத்துவிட்டு அவர் கைவீசி நடக்கிறாரா என்று பின்னாலிருந்து பார்க்கலாம்.