முருங்கைக்கிளையும் அகத்திப்பூவும்: ஆய்வதில்தான் பாதிச் சமையல்

"அக்கா, கல்யாணமாகி கிள்ளானிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு வந்திருக்கேன். பக்கத்து வீட்டில் முருங்கைக்கிளை ஒடித்துத் தருகிறார்கள், மாமியார் அகத்திப்பூ வாங்கி வருகிறார். நான் செய்தால் கீரை நார்நாராக வருது, பூ கசக்குது. சத்தும் போகாமல் மெத்தென்று வர என்ன செய்யணும்?"

நானும் மலேசியாவில் ஈப்போக்காரிதான் தங்கச்சி, தண்டையார்பேட்டையில் குடித்தனம். கங்கோங் கீரையைத் தண்டோடு நறுக்கிப் பெரிய தீயில் வதக்கிப் பழகிய கை நமக்கு. அந்தக் கை முருங்கையிடம் செல்லாது. முருங்கை இலை மெல்லியதுதான், நாராக வருவதெல்லாம் அதன் ஈர்க்கு. அதை எடுக்காமல் அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஈர்க்கு வேகாது, இலைதான் குழைந்து போகும்.

முதலில் கிளையைப் பாருங்கள். ஒரு ஈர்க்கை வளைத்தால் பட்டென்று ஒடிந்தால் இளசு. வளைந்து, ஒடிந்த இடத்தில் நூல்போல் தொங்கினால் முற்றல். மழைக்குப் பிறகு துளிர்த்த கிளையில் இலை வெளிர்பச்சையாக இருக்கும், அது கைக்கு எளிது. கோடையில் வருவது கரும்பச்சையாகத் தடித்திருக்கும். அதையும் சமைக்கலாம், ஆனால் கூடுதலாக மூன்று நான்கு நிமிடம் கேட்கும்.

உருவும்போது கிளை காய்ந்திருக்க வேண்டும். ஈர இலை விரலெல்லாம் ஒட்டிக்கொள்ளும், வேலை இரட்டிப்பாகும். ஈர்க்கின் நுனியை இடது கையில் பிடித்து, வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொடுத்து அடிப்பக்கமாக இழுத்தால் இலைகள் பொலபொலவென்று உதிரும். இளசான நுனி பிய்ந்து கையோடு வந்தால் விடுங்கள், அது வெந்துவிடும். கம்பிபோல் நிற்கிற நடு ஈர்க்கும், மஞ்சளித்த இலையும் மட்டும் வெளியே. கழித்த இளம் ஈர்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், தட்டிப் போட்டு ரசம் வைத்தால் வாசனையாக இருக்கும்.

உங்கள் தெருவில் யாராவது இன்னொரு வழியும் சொல்லியிருப்பார்கள்: கிளையை வேட்டித் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி ராத்திரி வைத்துவிட்டால் காலையில் உதறினாலே இலை கொட்டிவிடும். உண்மைதான், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பறித்து வைத்த இலையில் வைட்டமின் சி நேரத்தோடு குறைந்துகொண்டே போகும். அதனால் பக்கத்து வீட்டு மரத்திலிருந்து அன்றன்றைக்குக் கிடைக்கிற உங்களுக்கு அந்த வழி தேவையில்லை. சுற்றி வைப்பதானால் துளி ஈரமும் இருக்கக் கூடாது, இருந்தால் காலையில் பாதி இலை கறுத்திருக்கும்.

உருவிய பிறகுதான் கழுவ வேண்டும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, இலையைப் போட்டு அலசி, கையால் மேலோடு அள்ளி எடுங்கள். மண் அடியில் தங்கிவிடும். வடிகட்டியில் கவிழ்த்தால் அந்த மண் திரும்ப இலைமேல்தான் விழும். ஊறவும் விடாதீர்கள். வைட்டமின் சியும் ஃபோலேட்டும் தண்ணீரில் கரைகிறவை. கீரையை வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால் அவையும் சாக்கடைக்குப் போய்விடும்.

சரி, அடுப்பு. இரண்டு பெரிய கிண்ணம் இலைக்கு இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு போதும். பருப்பைத் தனியாக, விரலால் நசுக்கினால் உடைகிற பதத்துக்கு வேகவையுங்கள். இங்கே பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும், அதில் பருப்பு வேக அடம்பிடிக்கும். பருப்புக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் விடுங்கள். பருப்பையும் கீரையையும் ஒன்றாகப் போட்டால், பருப்பு வேகும்வரை கீரை அடுப்பில் கிடந்து சத்தையும் நிறத்தையும் இழக்கும்.

வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம். எண்ணெயே இல்லாமல் செய்தால் சத்து என்று நினைக்காதீர்கள். கீரையில் உள்ள பீட்டா கரோட்டீன் கொழுப்பில்தான் கரையும், அந்தக் கொஞ்ச எண்ணெய் இருந்தால்தான் உடம்பில் சேரும். வெங்காயம் வதங்கியதும் இலையைப் போட்டு, ஒரு கைத் தண்ணீர் தெளித்து, மிதமான தீயில் திறந்தே வேகவிடுங்கள். மூடினால் கீரையிலிருந்து ஆவியாகும் அமிலம் திரும்ப அதிலேயே விழுந்து, பச்சை மங்கிப் பாசிநிறமாகிவிடும். அடிக்கடி கிளறவும் வேண்டாம், இலை உருண்டை கட்டிக்கொள்ளும். அடிபிடிக்காமல் இருக்க ஒன்றிரண்டு முறை புரட்டினால் போதும். ஐந்தாறு நிமிடத்தில் ஓர் இலையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். மொரமொரப்பு போய், சக்கை நிற்காமல் கரைந்தால் பதம். அப்போது பருப்பு, உப்பு, தேங்காய்த்துருவல். உப்பை முன்னாடியே போட்டால் கீரை சுருங்கிய பிறகு அளவு தப்பிக் கரித்துவிடும். பச்சை மாறாமலிருக்கச் சோடா உப்பு போடச் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். நிறம் நிற்கும், வைட்டமின் போகும், இலை கூழாகும். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் கீரையின் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

ஆடியில் நம் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது கூடவே முருங்கைக்கீரை வரும். யாராவது பெரியம்மா கிளையோடு உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள், எழுதிச் சொல்வதைவிட அவர் விரல் சீக்கிரம் சொல்லிக்கொடுக்கும்.

அகத்திப்பூவில் கசப்பு உள்ளே இருக்கிறது. வெள்ளைப் பூவாக, இன்னும் முழுதாக விரியாமல் பிறை போல வளைந்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிவப்புப் பூ இன்னும் கசக்கும். பூவின் அடியில் பச்சையாக ஒரு குப்பி இருக்கும், அதைக் காம்போடு கிள்ளி எடுங்கள். பிறகு இதழை விரித்தால் நடுவில் மகரந்தத் தண்டுகள் கட்டாக வளைந்து நிற்கும். அதை அடியோடு பிடித்து இழுத்துவிடுங்கள், கசப்பில் பெரும்பங்கு அதோடு போய்விடும். எறும்பும் சிறு பூச்சியும் ஒளிந்திருப்பதும் அங்கேதான், ஆகவே ஒவ்வொரு பூவையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். குறுக்குவழி கிடையாது.

இதழை ஒருமுறை அலசி, சமைக்கப் போகும் நேரத்தில் அகலமாக நறுக்குங்கள். முன்பே நறுக்கி வைத்தால் ஓரம் பழுப்பாகும். பச்சைமிளகாய், வெங்காயம் வதங்கியதும் போட்டு, தண்ணீர் விடாமல் மூன்று நிமிடம். பூவே நீர் விடும். இதழ் பளபளப்பு போய்த் துவண்டால் உப்பு போட்டு இறக்கிவிடலாம். கசப்பு இன்னும் நாக்கில் நின்றால், வேகவைத்துப் பிழிவதற்குப் பதில், நம் ஊர் வழக்கப்படி கடைசியில் அரைக் கிண்ணம் சந்தான், அதாவது தேங்காய்ப்பால், ஊற்றி ஒரு கொதி காட்டுங்கள். மாமியார் முகம் சுளிப்பார், ருசி பார்த்த பிறகு சரியாகிவிடும்.

இரண்டையும் ஒரே வாணலியில் செய்ய ஆசை வந்தால், கீரை முக்கால் பதம் ஆன பிறகுதான் பூவைச் சேர்க்க வேண்டும்.