துலக்கியும் போகாத வாய் நாற்றம்: ஈறு மருத்துவரின் பதில்கள்

எனக்கு 44 வயது. மூன்று வேளையும் பல் துலக்குகிறேன். ஒரு மணி நேரத்தில் நாற்றம் திரும்பிவிடுகிறது. பேஸ்ட்டை மாற்றியும் பயனில்லை. துலக்கும்போது லேசாக ரத்தம் வரும், அவ்வளவுதான். மற்றபடி பல் வலிகூட இல்லை.

'அவ்வளவுதான்' என்று ஒதுக்கிவிட்டீர்களே, அந்த ரத்தத்திலிருந்துதான் நான் தொடங்குவேன். நல்ல ஈறில் துலக்கும்போது ரத்தம் வராது.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சிறு இடுக்கு எல்லோருக்கும் உண்டு. 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் அது இயல்பு. அங்கே அழுக்கு தங்கி காரையாக இறுகினால் ஈறு வீங்கும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், இடுக்கு பை போல ஆழமாகும். காற்றுப் படாத அந்தப் பைக்குள் வாழும் கிருமிகள் ரத்தத்திலும் உணவிலும் உள்ள புரதத்தைச் சிதைத்து, கந்தகம் கலந்த வாயுக்களை விடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதிலிருந்துதான் வருகிறது. பிரஷ் நார் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. அதனால்தான் மூன்று வேளை துலக்கியும் உங்களுக்குப் பலன் இல்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மருந்துக்கடையில் பல் இடுக்கு நூல் (ஃப்ளாஸ்) கிடைக்கும். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே அதை விட்டு, பல்லோரமாக மேலும் கீழும் இழுத்து எடுங்கள். அரை நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். ஒவ்வொரு இடுக்குக்கும் நூலின் புதிய பகுதியைப் பயன்படுத்துங்கள். எந்த இடுக்கில் விட்ட நூல் நாறுகிறதோ, அந்த இடத்தைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தையல் வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் வந்திருந்தார், வயது 46. ஒன்றரை வருடமாக கேஸ் மாத்திரை சாப்பிட்டவர். எண்டோஸ்கோப்பியிலும் ஒன்றும் இல்லை. பேசும்போது கை தானாக வாயை மறைக்கும். அளவெடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன் என்றார். கீழ்க் கடைவாய்ப் பற்களைச் சுற்றி அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் 7 மில்லிமீட்டர், வலது பக்கம் 6. கம்பியை எடுத்ததுமே ரத்தமும் அந்த வாடையும் வந்தன. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர் மேல் படிந்திருந்த காரையை இரண்டு தடவையாகச் சுரண்டி எடுத்தோம். பல் இடுக்குக்கென்றே உள்ள குட்டி பிரஷ்ஷை தினமும் இரவு பயன்படுத்தச் சொன்னேன். எட்டு வாரம் கழித்து வந்தபோது பெரும்பாலான இடங்களில் 3, 4 என்று இறங்கியிருந்தது. ஒரு பல்லில் மட்டும் 6 அப்படியே நின்றது. அங்கே ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டி வந்தது. மாத்திரையைக் கொடுத்த மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அதையும் நிறுத்திவிட்டார்.

க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எலும்பு முன்பே கரைந்திருக்கும். அந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்து வீக்கமும் வடிந்ததும் சந்து கண்ணுக்குத் தெரிகிறது, பல் நீண்டது போலத் தோன்றுகிறது. கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். இதற்குப் பயந்து காரையை விட்டுவைத்தால், இருக்கிற எலும்பும் போய்விடும். அப்புறம், இன்னொன்று. உங்கள் வயதில் ஈறு இப்படி இருந்தால் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு சீக்கிரம் ஆறாது.

எனக்கு 23 வயது. இருமும்போது தொண்டையிலிருந்து வெள்ளையாக, சோற்றுப் பருக்கை மாதிரி ஏதோ வருகிறது. நசுக்கினால் தாங்க முடியாத நாற்றம். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம்மா. அது டான்சில் கல். டான்சிலின் மேற்பரப்பில் குழிகள் உண்டு. உணவுத் துகளும் உதிர்ந்த செல்களும் கிருமிகளும் அதில் சேர்ந்து, சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகிவிடுகின்றன. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகு தலையை அண்ணாந்து நன்றாகக் கொப்பளியுங்கள். பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். ஹேர்பின், பல் குத்தும் குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். டான்சிலில் ரத்த ஓட்டம் அதிகம். கீறினால் ரத்தம் கொட்டும்.

கல் வருகிறது என்பதற்காக மட்டும் உடனே டான்சிலை அகற்றத் தேவையில்லை. அடிக்கடி காய்ச்சலோடு தொண்டைவலி வந்தாலோ, ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலது மூக்கில் மட்டும் ஏதோ அழுகிய வாடை. சளி மஞ்சளாக வருகிறது. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் பத்து நாள் நன்றாக இருக்கும், மறுபடி வந்துவிடும். அதே பக்க மேல் பல்லில் போன வருடம் வேர் சிகிச்சை செய்தேன். சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். நீங்கள் அந்தப் பல்லைச் சேர்த்து எழுதியது நல்லதாகப் போயிற்று. மேல் கடைவாய்ப் பற்களின் வேர் நுனி, கன்னத்து சைனஸ் அறையின் தரையை ஒட்டியே இருக்கும். வேரில் கிருமி மிச்சம் இருந்தால் மேலே சைனஸுக்கு ஏறும். சாதாரண சைனஸ் தொல்லை பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். ஒரே பக்கம், அதிலும் நாற்றத்தோடு என்றால் பல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பல சமயம் பல் வலிக்காது என்பதால்தான் இதைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம். கோன் பீம் சிடி ஸ்கேன் எடுத்தால் வேருக்கும் சைனஸுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியும். பல்லைச் சரிசெய்யாமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் உங்களுக்கு நடந்தது போலத்தான் திரும்பத் திரும்ப வரும். வேர் சிகிச்சையை மறுபடி செய்வதா, பல்லை எடுப்பதா என்பதைப் பல் மருத்துவர் சொல்வார். சைனஸைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

சின்னக் குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமான சளி வந்தால் காரணம் வேறு: மணி, விதை, பஞ்சு என்று ஏதாவது உள்ளே போயிருக்கும். நீங்களே எடுக்க முயலாதீர்கள். பட்டன் பேட்டரியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அது சில மணி நேரத்தில் சதையை அரித்துவிடும்.

வயிறு சுத்தமில்லாவிட்டால் வாய் நாறும் என்கிறார்கள். பேதி மருந்து சாப்பிடலாமா?

வேண்டாம். உணவுக்குழாய் எப்போதும் திறந்திருக்கும் குழாய் இல்லை. விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் தவிர மூடியே இருக்கும். வயிற்று வாடை நாள் முழுக்க மேலே வர வழியில்லை. நெஞ்செரிச்சலும், படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வருவதும் இருந்தால் வயிற்று மருத்துவரைப் பாருங்கள். வயதானவர்களுக்கு, முந்தைய வேளை சாப்பிட்டது செரிக்காமலே வாய்க்கு வந்தாலும், விழுங்கச் சிரமம் இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற வாடை வந்து, வாந்தியும் மூச்சிரைப்பும் இருந்தால் அது அவசரம். மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். நாற்றம் குறைந்தது, ஆனால் பல் பழுப்பாகிவிட்டது.

அது அந்த மருந்தின் கறைதான். க்ளீனிங் செய்தால் போய்விடும். வழக்கமாக இரண்டு வாரத்துக்குத்தான் அதை எழுதித் தருவோம், இப்போது நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதும் நாற்றம் திரும்பினால் காரணம் உள்ளே அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். நாக்கு வழிக்கும்போது நுனியை மட்டும் வழிக்கிறீர்களா என்று பாருங்கள். வெள்ளைப் படிவம் அதிகம் சேர்வது பின்பகுதியில். நாக்கை நன்றாக வெளியே நீட்டி, மூச்சை விட்டபடி, பின்னாலிருந்து முன்னால் நாலைந்து முறை மெதுவாக இழுங்கள். குமட்டல் ஒரு வாரத்தில் பழகிவிடும். ரத்தம் வரும் அளவுக்கு அழுத்த வேண்டாம்.